செவிலியர் ஆய்வு வினாநிரலில் நம்பகமும் ஏற்புடைமையும்

செவிலியரின் பணிநிறைவை அளக்கும் வினாநிரலில் கிரான்பாக் ஆல்ஃபா 0.70ஐத் தாண்டியதும் கருவி செம்மையுற்றதாகக் கொள்ளுதல் பொருந்தாது. கூற்றுகளுக்கிடையிலான சராசரி ஒட்டுறவு 0.30 என்றே நின்றாலும், ஐந்து கூற்றுகளுக்கு 0.68 ஆகும் ஆல்ஃபா, பத்துக்கு 0.81 ஆகிறது. கூடியது எண்ணிக்கையே, ஏற்புடைமை அன்று.

‘ஊதியமும் பணிநேரமும் நிறைவளிக்கின்றன’ என்னும் கூற்றை நோக்கலாம். ஊதியத்தில் நிறைவுற்று, இரவுப்பணியில் சலிப்புற்ற செவிலியர் ஐந்துபுள்ளி அளவையில் நடுப்புள்ளியைக் குறிக்க நேரும். அக்குறி இரண்டில் எதையும் அளக்கவில்லை. ஆல்ஃபா உயர்ந்திருந்தாலும் இப்பிழை மறைந்தே இருக்கும்.

முன்னோட்ட ஆய்வில், விடையைத் தேர்ந்த காரணத்தைச் செவிலியர் சிலரைச் சொல்லச் செய்தால் பிழை வெளிப்படும். கூற்றை இரண்டாகப் பிரித்து, மீண்டும் சோதித்த பின்னரே நம்பகத்தைக் கணக்கிடுதல் முறையாகும்.