மூன்று வரி பாக்கி

கணக்கு அறிக்கையோடு போகும் மின்னஞ்சலில் நான் முதலில் எழுதியது: "அறிக்கை இணைத்துள்ளேன். நிலுவை ரூ.1,79,360-ஐ விரைவில் செலுத்தவும்." மரியாதையான கடிதம்தான். ஆனால் படிப்பவருக்கு இதில் செய்ய எதுவுமில்லை.

மொத்தத்தைப் பிரித்தேன். கடன் தவணை 30 நாள். ஜூலை 31 நிலவரப்படி, பில் 212 (மே 2) ரூ.84,960, கெடு தாண்டி 60 நாள். பில் 247 (ஜூன் 11) ரூ.59,000, 20 நாள். பில் 263 (ஜூலை 8) ரூ.35,400, கெடு இன்னும் வரவில்லை. வயதை பில் தேதியிலிருந்து எண்ணியிருந்தால் முதல் பில் 90 நாள் என்று மிரட்டியிருக்கும். எதிர்த்தரப்பு கணக்காளர் அந்த எண்ணிக்கையோடுதான் சண்டைக்கு வருவார்.

பிரித்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. 212-க்குப் பின் போட்ட பில் 230-க்குப் பணம் வந்துவிட்டது. அப்படியானால் வாடிக்கையாளர் கையில் காசில்லாமல் இல்லை. 212 எங்கோ சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் சரக்கு வரவுச் சீட்டு அவர்களுடைய கணக்குப் பிரிவுக்குப் போயிருக்காது.

ஆகவே "செலுத்தவும்" என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். மூன்று வரிப் பட்டியலுக்குக் கீழே ஒரே கோரிக்கை: "பில் 212 தங்கள் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிவியுங்கள். இல்லையெனில் கையொப்பமிட்ட டெலிவரி சலானை அன்றே அனுப்புகிறேன்." 247 பட்டியலில் இருக்கிறது, அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேச்சில்லை. இரண்டு கேட்டால் சுலபமானதற்கு மட்டும் பதில் வரும்.

தலைப்பில் "கணக்கு அறிக்கை" போய், "பில் 212: பதிவானதா?" வந்தது.