மழைச் சடங்குகளும் மாந்திரீகம், மதம் என்ற பிரிவினையும்

மழை பொய்த்த ஆண்டுகளில் தமிழக ஊர்களில், காவிரிப் படுகை உட்பட, இரு வகைச் சடங்குகள் நடந்து வந்துள்ளன. சிவன் கோயிலில் நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டிக் கழுத்தளவு நீர் நிரப்பி வருண ஜபம் செய்வது ஒன்று. கொடும்பாவி எனப்படும் வைக்கோல் உருவத்தைத் தெருத்தெருவாக இழுத்துச் சென்று, பெண்கள் ஒப்பாரி வைக்க, ஊருக்கு வெளியே எரிப்பது மற்றொன்று. முன்னதை மதம் என்றும் பின்னதை மாந்திரீகம் என்றும் வகைப்படுத்துவது எளிதாகத் தோன்றினாலும், அந்த வகைப்பாட்டுக்கு அறிஞர்கள் வகுத்த அளவுகோல்களே அதற்கு இடம் தருவதில்லை.

இவ்வளவுகோல்களில் புகழ்பெற்றது, ஜேம்ஸ் பிரேசர் 1890இல் முதற்பதிப்பு கண்ட ‘தி கோல்டன் பவ்’ நூலின் பிற்பதிப்புகளில் விரித்துரைத்தது. மதம் தெய்வத்திடம் இரக்கிறது. மாந்திரீகமோ ஒன்றைப் போலச் செய்து அதையே விளைவிக்கலாம் என நம்பி, இயற்கையைக் கட்டாயப்படுத்துகிறது என்றார் அவர். ஆனால் நீரைப் பெருக்கி மழையை வரவழைக்கும் ‘போலச் செய்தல்’ இங்கே காணப்படுவது அர்ச்சகர் நடத்தும் கோயில் சடங்கில்தான். கொடும்பாவியோ மழையின் சாயலே இல்லாதது; ஊரின் பாவத்துக்கு உருவம் கொடுத்து, அதற்கு ஈமக்கடன் செய்து, வானத்திடம் இரங்கி அழும் வேண்டுதல் அது. பிரேசரின் விதிப்படி இரண்டும் இடம் மாறிவிடுகின்றன.

எமில் துர்கெய்ம் 1912இல் வேறொரு கோடு கிழித்தார்: மதம் ஒரு சமூகத்தைப் பிணைக்கிறது, மந்திரவாதிக்கோ வாடிக்கையாளர்கள் மட்டுமே உண்டு என்பது அவர் கருத்து. கொடும்பாவி இழுப்பது ஊர் கூடிச் செய்வது. ஜபத்தையோ தனியொருவர் தட்சிணை கொடுத்தும் செய்விக்கலாம். இந்த அளவுகோலும் பொருந்தவில்லை.

இலங்கைத் தமிழரான ஸ்டான்லி தம்பையா, 1968இலும் 1973இலும் எழுதிய கட்டுரைகளில் கேள்வியையே மாற்றினார். சடங்கை, பிழையான அறிவியல் சோதனையாகக் கொண்டு மழை பெய்ததா என்று மதிப்பிடுவது பொருந்தாது என்றும், தாலி கட்டுவது மணமக்களைத் தம்பதியராக்குவது போலச் சொல்லும் செயலும் சேர்ந்து ஒரு நிலையை உண்டாக்குவதே சடங்கு என்றும் அவர் வாதத்தை விளக்கலாம். இப்பார்வையில், வறட்சியை ஊர் முழுமைக்குமான துக்கமாக்கி, அத்துக்கத்துக்கு ஒரு முடிவையும் கொடும்பாவி நிலைநிறுத்துகிறது. அதை நடத்தும் உழவர் நாற்றங்காலையும் வாய்க்காலையும் கைவிடுவதில்லை என்பதால், சடங்கை உழவுக்கு மாற்றாக அவர்கள் எண்ணினார்கள் எனக் கொள்ளவும் வழியில்லை.

1990இல் வெளிவந்த நூலில் தம்பையா இப்பிரிவினையின் வரலாற்றையும் ஆராய்ந்தார். கடவுளைச் சடங்கால் வசப்படுத்த முடியாது என்ற சீர்திருத்தக் கிறித்தவ வாதம் கத்தோலிக்கச் சடங்குகளைச் சாடப் பயன்பட்டு, பின்னர் உலகப் பண்பாடுகளை அளக்கும் கோலாயிற்று. அக்கோலைக் கொண்டு அளந்தால், கிராமத்துச் சடங்கு சாத்திரச் சடங்குக்குக் கீழே வைக்கப்படுவது ஆய்வின் முடிவாக அல்லாமல் அதன் தொடக்க அனுமானமாகவே இருக்கும்.

ஆகவே பிற்கால ஆய்வாளர் பலர் மாந்திரீகத்தைப் பகுப்பாய்வுக் கருவியாகக் கொள்வதில்லை. செய்வினை, சூனியம் என்ற குற்றச்சாட்டை யார், யார்மீது, எந்தப் பகையில் சுமத்துகிறார்கள் என்பதையே ஆய்வுப் பொருளாக்குகிறார்கள்.