ஒப்பனை அறைக் கதவில் ஒட்டிய தாள்

நாட்டிய நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு அழைப்பிதழில் தெரிவது ஒரே ஒரு நேரம்தான்: மாலை 6.30. ஆடுகிறவர்களுக்கோ அது அட்டவணையின் கடைசி வரி. அந்தத் தாளைக் கீழிருந்து மேலாகப் படிக்கப் பழகினால், மேடையில் நடப்பதில் பாதிக்குக் காரணம் புரியும்.

குற்றாலக் குறவஞ்சியையே எடுத்துக்கொள்வோம். 1944-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் அதை நாட்டிய நாடகமாக்கினார்; பிறகு பல குழுக்கள் தங்கள் வசதிக்கேற்ப ஆடியிருக்கின்றன. நம்முடையது ஒன்பது பேர் கொண்ட சிறிய குழு என்று வைத்துக்கொள்வோம். வசந்தவல்லி, பாங்கி, பவனி காணவும் பந்தாடவும் நான்கு பெண்கள், குறத்தி, நூவன். தொடக்கத்தில் கட்டியக்காரனாக வருபவரே முடிவில் சிங்கன். முகம் எழுத இரண்டு ஒப்பனைக்காரர்கள், தலை அலங்காரத்துக்கு ஒருவர். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம்.

நிகழ்ச்சி நாள் தாள் இப்படி இருக்கும்:

மதியம் 12.30 – மேடை ஒத்திகை, நடை மட்டும்
2.00 – சாப்பாடு
2.30 – கை கால்களுக்கு அல்தா
3.00, 3.30 – நான்கு பெண்கள், முகம்
4.00 – வசந்தவல்லி, பாங்கி
4.30 – கட்டியக்காரன், நூவன்
5.00 – குறத்தி
6.00 – குறத்தி, நூவன் தவிர எல்லோரும் உடையில்
6.15 – சலங்கை, பூஜை
6.30 – திரை

முதலில் மேடைக்கு வரும் கட்டியக்காரன் ஏன் 4.30-க்கு? அவருக்குச் சடை, குஞ்சலம், ராக்கொடி எதுவும் இல்லை. தலைப்பாகையைக் கட்டினால் முடிந்தது. நான்கு பெண்களுக்கோ முகம் முடிந்தபின்தான் வேலையே தொடங்குகிறது. தலை அலங்காரத்துக்கு ஒரே ஆள் என்பதால் அங்கே வரிசை நீளும். அதனால் அவர்கள் முன்னால். வசந்தவல்லிக்குத்தான் நகை அதிகம். ஆனால் அதிக நேரம் மேடையில் நின்று வியர்ப்பவரும் அவரே. ரொம்ப முன்னால் எழுதினால் முகம் கலைந்துவிடும், ரொம்பத் தள்ளினால் நெற்றிச்சுட்டியை அவசரமாகக் குத்த வேண்டிவரும். 4.00 என்பது இரண்டுக்கும் நடுவில் கண்ட சமரசம். குறத்தி வருவது கதையின் பிற்பகுதியில். திரை விலகியபின் அவர் உடை மாற்றினாலும் நஷ்டமில்லை.

அல்தா சாப்பாட்டுக்கும் முகத்துக்கும் நடுவே இருப்பதற்கும் காரணம் உண்டு. காயாத அல்தா பட்டில் பட்டால் போகாது. அல்தா வைத்த கையோடு சோறு பிசையவும் முடியாது.

இனி முந்தைய வாரங்கள். முதலில் நட்டுவாங்கத்தோடு மட்டும் துண்டு துண்டாக ஒத்திகை. பிறகு பாட்டு, மிருதங்கம், புல்லாங்குழலோடு முழு ஓட்டம். சபா மேடை முன்கூட்டிக் கிடைப்பது அரிது என்பதால், மேடையின் அகலத்தைப் பயிற்சிக்கூடத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வார்கள். உடை ஒத்திகையை நிகழ்ச்சிக்கு முந்தின நாள் வைக்காமல் மூன்று நான்கு நாள் முன்னதாக வைப்பது நல்ல குழுவின் அடையாளம். விசிறி மடிப்பு விரியவில்லை, இடுப்பு இறுக்குகிறது என்றால் தையற்காரரிடம் கொடுத்து வாங்க நாள் வேண்டாமா?

உடை ஒத்திகை அன்று கடிகாரத்தைக் கையில் வைத்துப் பார்ப்பது ஒரு விஷயத்தை: கட்டியக்காரன் சிங்கனாக மாற எவ்வளவு நேரம்? நடுவில் குறத்தி மலைவளம் சொல்லிக் குறி பார்க்கும் பகுதி முழுக்க இருப்பதால் இங்கே தாராளம். அந்தப் பகுதியைச் சுருக்கலாம் என்று யாராவது சொன்னால், முதலில் மறுப்பவர் உடைப் பொறுப்பாளராகத்தான் இருப்பார்.

அரங்கில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எதைப் பார்க்கலாம்? முகம் ஒரு நிறம், கழுத்தும் காதோரமும் வேறு நிறம் என்றால் அங்கே ஒப்பனை நேரம் பிசகியிருக்கிறது. முதல் ஜதியிலேயே பூ சரிந்தால் சடையை அவசரமாகப் பின்னியிருக்கிறார்கள். நால்வரில் ஒருவர் ஓரத்தில் நெருங்கி நின்றால் மதிய ஒத்திகையில் இடம் குறிக்க நேரம் போதவில்லை. சிங்கன் நுழைய வேண்டிய இடத்தில் பாடகர் ஒரே வரியை மறுபடி மறுபடி சங்கதி போட்டுப் பாடினால், நட்டுவனார் பக்கம் பாருங்கள். அவர் கண் பக்கத்துத் திரையில் இருந்தால், உள்ளே தலைப்பாகை இன்னும் கட்டி முடியவில்லை. அவர் பார்வை பாடகரிடமே இருந்தால் அது உண்மையான மனோதர்மம், நிம்மதியாகக் கேளுங்கள்.