பாதிக் கூலிக்கு முழு வேலை: போஸ்ட் எடிட்டிங் பற்றிச் சில குறிப்புகள்

போன வருடம் அண்ணிக்கு ஓர் அறிவுரை சொன்னேன். "இனிமே மொழிபெயர்ப்பை ஏஐ பாத்துக்கும் அண்ணி, நீங்க ரிவ்யூ பக்கம் போயிடுங்க." மென்பொருள் துறையில் இருக்கும் எல்லோரும் சொல்வதுதான். அந்த அறிவுரை பாதி தப்பு என்று இப்போது தெரிகிறது. எந்தப் பாதி என்று எழுதி வைக்கவே இந்தப் பதிவு.

அண்ணி பி.ஃபார்ம் படித்தவர். பல வருடமாக வீட்டிலிருந்தே ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறார். ஓடும் நேரத்துக்கு நிமிடக் கணக்கில் கூலி. இந்த வருடம் அவருக்கு வேலை தரும் நிறுவனம், "இயந்திரமே மொழிபெயர்த்துவிடும், நீங்கள் திருத்தினால் போதும்" என்று சொல்லி நிமிடக் கூலியைப் பாதியாக்கியது. "தம்பி, நீங்க சொன்ன ரிவ்யூ இதுதானா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இரண்டு நாள் மாலையில் ஸ்டாப் வாட்ச்சோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒரே ஒரு வரி

அப்பா தன் பத்து வயது மகளிடம் சொல்கிறார்: வருவேன் என்று சொன்னேன், வந்துவிட்டேன். திரையில் இரண்டு விநாடி. இயந்திரம் தந்தது இது:

"நான் உங்களுக்காகத் திரும்பி வருவேன் என்று சொன்னேன், வந்துவிட்டேன்."

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் எந்த அப்பா மகளை "உங்களுக்காக" என்பார்? அண்ணி மாற்றியது:

"வருவேன்னு சொன்னேன்ல, வந்துட்டேன்!"

இடைவெளியையும் குறிகளையும் விட்டுவிட்டு எண்ணிப் பார்த்தேன். முதல் வரியில் 32 எழுத்து, இரண்டாவதில் 16. வினையின் முடிவே "நான்" என்பதைச் சொல்லிவிடுவதால் அந்தச் சொல் தேவையில்லை. காட்சியில் மகள் முன்னால் நிற்பதால் "உங்களுக்காக"வும் தேவையில்லை. இரண்டு விநாடியில் படித்து முடித்து, நடிகரின் முகத்தையும் பார்க்க நேரம் மிஞ்சுகிறது.

பழைய இயந்திர மொழிபெயர்ப்பில் தப்பு கண்ணை உறுத்தும். வாக்கியம் உடைந்து கிடக்கும், பார்த்ததும் தெரியும். இப்போது வருவது நல்ல தமிழ். பிரச்சினையே அதுதான். படித்தால் சரியாக இருக்கிறது, படத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் தப்பு. ஆங்கிலத்தின் "பிரதர்" முதல் எபிசோடில் அண்ணன், நான்காவதில் தம்பி. கணவன் மனைவி பேசும்போது ஒரு வரியில் "நீ", அடுத்த வரியில் "நீங்கள்". ஒவ்வொரு வரியையும் ஒலியோடு ஓடவிட்டுப் பார்க்காமல் இதைப் பிடிக்க முடியாது. யார் யாரை எப்படி அழைக்கிறார் என்று அண்ணி தனியாக ஒரு அட்டவணையே வைத்திருக்கிறார்.

கணக்கு

ஒரு எபிசோட் 600 வரி என்று வைத்துக்கொள்வோம். முதலிலிருந்து எழுத அண்ணிக்கு வரிக்குச் சராசரி 45 விநாடி ஆனது. மொத்தம் ஏழரை மணி நேரம்.

திருத்தும்போது எல்லா வரியையும் படத்தோடு பார்த்தே ஆக வேண்டும். வரிக்கு 15 விநாடி என்றால் இரண்டரை மணி. நாங்கள் பார்த்த பகுதியில் பத்தில் நாலு வரியைத் திருத்த வேண்டியிருந்தது. அதாவது 240 வரி, ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 50 விநாடி, மூன்று மணி 20 நிமிடம். கடைசியில் உறவுமுறையும் மரியாதையும் சரிதானா என்று முழுதாக ஒரு முறை ஓட்டிப் பார்க்க 50 நிமிடம். ஆக ஆறு மணி 40 நிமிடம்.

மிச்சமானது 50 நிமிடம், அதாவது 11 சதவீதம். கூலி குறைந்தது 50 சதவீதம். மணிக்கு 100 ரூபாய் கிடைத்த இடத்தில் இப்போது 56 ரூபாய்.

இது ஒருவருடைய கணக்குதான். எளிய, ஒரே மாதிரி வாக்கியங்கள் உள்ள கருவிக் கையேடு என்றால் நேரம் நிஜமாகவே நிறைய மிச்சமாகும். அதனால் சொல்ல வருவது ஒன்றுதான்: கூலிக் குறைப்பு நேரக் குறைப்போடு ஒத்துப்போகிறதா என்று 100 வரியை எடுத்து அளந்து பார்க்காமல் விலை பேசக் கூடாது.

அண்ணி தனி ஆள் இல்லை. பிரிட்டனின் எழுத்தாளர் சங்கம் 2024 தொடக்கத்தில் எடுத்த கருத்துக்கணிப்பில், மொழிபெயர்ப்பாளர்களில் 36 சதவீதம் பேர் ஏஐ-யால் வேலை இழந்ததாகவும், 43 சதவீதம் பேர் வருமானம் குறைந்ததாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

ரிவ்யூ என்பது எது?

இங்கேதான் என் அறிவுரை சறுக்கியது. "ரிவ்யூ" என்ற ஒரே சொல்லில் வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. மொழிபெயர்ப்புச் சேவைக்கான ISO 17100 தரநிலை (2015) இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. ஒரு மனிதர் மொழிபெயர்த்ததை இரண்டாவது மனிதர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ரிவிஷன். மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு, துறைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது ரிவ்யூ. இயந்திரம் தந்ததைத் திருத்துவது இந்தத் தரநிலையின் வரம்பிலேயே வராது. அதற்குத் தனியாக ISO 18587 (2017) இருக்கிறது.

அண்ணிக்குக் கிடைத்தது மூன்றாவது. அங்கே அவருக்கு முன்னால் மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. அவரேதான் மொழிபெயர்ப்பாளர், கூலிதான் திருத்துபவருக்கு உரியது. ஆகவே "ரிவ்யூ வேலை இருக்கு" என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, "இதை எனக்கு முன்னாடி யார் மொழிபெயர்த்தது?" யாரும் இல்லை என்றால் மணிக் கணக்கில் விலை சொல்வதே நியாயம்.

தனித்துறை

அறிவுரையின் சரியான பாதி இது. மருந்து ஆய்வுகளில் நோயாளிகள் நிரப்பும் கேள்வித்தாள்களை மொழிபெயர்க்க ஒரு நடைமுறை உண்டு. ISPOR என்ற அமைப்பு 2005-ல் அதைத் தொகுத்து வெளியிட்டது. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்க்கிறார்கள், இரண்டையும் ஒன்றாக்குகிறார்கள், இன்னொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்கு மாற்றுகிறார். பிறகு ஐந்து முதல் எட்டுப் பேரிடம் கொடுத்து, "இதைப் படிச்சதும் உங்களுக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேட்கிறார்கள்.

வலியின் அளவைக் கேட்கும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தின் "மைல்ட்", "மாடரேட்" இரண்டுக்குமே தமிழில் "மிதமான" என்று போட்டுவிட வாய்ப்பு அதிகம், இரண்டுக்கும் அது புழக்கத்தில் இருக்கிறது. தனித்தனி வாக்கியமாக இரண்டுமே சரி. ஒரே தாளில் அடுத்தடுத்த இரண்டு கட்டங்களில் வந்தால் நோயாளிக்குக் குழப்பம், ஆய்வுத் தரவும் வீண். "லேசான வலி", "நடுத்தரமான வலி" என்று பிரித்து, அது ஒரு பாட்டிக்கும் புரிகிறதா என்று நேரில் கேட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்தப் பொறுப்புக்குத்தான் கூலி.

அண்ணி இப்போது அந்தப் பக்கம் போகிறார். பி.ஃபார்ம் இல்லையென்றால் அந்தக் கதவு எளிதில் திறந்திருக்காது. வேலையும் மாதா மாதம் வருவதில்லை, ஒரு தொடர் தந்த அளவுக்கு நிச்சயமில்லை. சப்டைட்டிலை அவர் விடவும் இல்லை. கையில் அந்தக் கணக்கோடு மணிக் கூலி கேட்டிருக்கிறார், நிறுவனம் இன்னும் பதில் சொல்லவில்லை.

என் அறிவுரையைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்: முதலில் அளந்து பாருங்க அண்ணி, அப்புறம் விலை பேசுங்க. உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச துறை எதுன்னு பாத்து அந்தப் பக்கம் போங்க. "ரிவ்யூ பக்கம் போங்க"ன்னு சும்மா சொல்ற என்னை மாதிரி ஆளுங்களை நம்பாதீங்க.