பத்தாவது நிமிடத்து முட்டை

அவித்த முட்டையை மதிப்பிட நூலால் நடுவில் அறுத்துப் பார்த்தால் போதும். கத்தி மஞ்சள் கருவை இழுத்துப் பூசிவிடும், நூல் பூசாது. சரியாக வெந்ததென்றால் வெள்ளை பளபளவென்று வழுக்கும், மஞ்சள் மாவுபோல் உதிராமல் லேசான ஈரத்தோடு நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடும் இருக்காது. தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் மாலையில் தள்ளுவண்டிகளில் வாங்கும் முட்டைகளில் இப்படி அமைவது அபூர்வம். வெட்டி மிளகுத்தூள் தூவும்போதே அந்தச் சாம்பல் பச்சை வளையம் தெரிந்துவிடும்.

வளையத்தைப் பார்த்ததும் பலர் சொல்வது “பழைய முட்டை” அல்லது “போர் தண்ணியில அவிச்சிருப்பாங்க” என்பதுதான். புறநகரின் ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு அதிகமிருந்தால் நிறம் கொஞ்சம் கூடலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் வளையத்துக்கு வேண்டிய இரும்பு மஞ்சள் கருவுக்குள்ளேயே இருக்கிறது. கந்தகம் வெள்ளைக் கருவின் புரதத்தில் இருக்கிறது. வெள்ளை அளவுக்கு மீறிச் சூடானால் புரதம் சிதைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு பிறக்கும். அழுகிய முட்டையின் வாடை என்கிறோமே, அதே வாயுதான். ஓட்டுப் பக்கம் சூடு அதிகம், நடுவில் குறைவு என்பதால் வாயு உள்நோக்கி நகர்கிறது. மஞ்சள் கருவின் விளிம்பில் இரும்பைச் சந்தித்து இரும்பு சல்ஃபைடாகிறது. அது கறுப்பு நிறம். மெல்லிய கறுப்பு மஞ்சளின் மேல் படிவதால் நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது; ருசிதான் குறையும்.

“பழைய முட்டை” என்ற குற்றச்சாட்டில் பாதி நியாயம் உண்டு. நாமக்கல்லிலிருந்து லாரியில் வந்து, கடை வாசலில் முப்பது முட்டை அட்டையில் வெயில் காயும் முட்டை, ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயுவை இழந்துகொண்டே இருக்கும். வெள்ளையின் காரத்தன்மை ஏறும். கந்தக வாயு இன்னும் சுலபமாகப் பிரியும். வேடிக்கை என்னவென்றால், ஓடு அழகாக உரிவதும் அந்த முட்டைதான். அன்றன்று வந்த புது முட்டையில் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வரும். உரிக்கச் சுலபமான முட்டைக்குத்தான் நேரக்கணக்கு கறாராக வேண்டும்.

கணக்கு இதுதான். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு தீயைக் குறைத்து, ஃபிரிட்ஜில் வைக்காத நடுத்தர முட்டைகளைக் கரண்டியால் மெல்ல இறக்குங்கள். ஏழு நிமிடத்தில் எடுத்தால் நடு மஞ்சள் இளகியிருக்கும். ஒன்பது, பத்தில் முழுதும் இறுகி நிறம் மாறாமல் இருக்கும். ஃபிரிட்ஜ் முட்டைக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். பன்னிரண்டைத் தாண்டினால் விளிம்பு மங்கத் தொடங்கும்; இருபதில் பட்டையாகவே வளையம் விழுந்து, வெள்ளை ரப்பராகிவிடும். குக்கரில் போட்டு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கட்டும் என்று விடுகிறவர்களுக்கு வளையம் உறுதி. உள்ளே சூடு நூறு டிகிரியைத் தாண்டுகிறது, அடங்கும்வரை முட்டை வெந்துகொண்டும் இருக்கிறது.

அடுப்பை அணைத்தால் மட்டும் முட்டை வேவது நிற்காது. உடனே குளிர்ந்த நீரில் போட வேண்டும். வெளிப்பக்கம் குளிர்ந்தால் புதிதாக வாயு பிறப்பது நிற்கும், இருப்பதும் ஓட்டுப் பக்கம் திரும்பும். இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. கத்திரி வெயிலில் மாடித் தொட்டியிலிருந்து மதியம் குழாயில் வருவது குளிக்கவே ஆகாத சூட்டுத் தண்ணீர். அதில் முட்டையைப் போடுவதில் ஒரு பயனும் இல்லை. பானைத் தண்ணீரோ, ஃபிரிட்ஜ் தண்ணீரில் நாலு ஐஸ் கட்டியோ வேண்டும். ஐந்து நிமிடமாவது கிடக்கட்டும்.

தள்ளுவண்டிக்காரரைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. கேட்டவருக்குச் சூடாகத் தர வேண்டும் என்பதற்காகவே முட்டைகளைச் சுடுநீரிலேயே வைத்திருக்கிறார். ஆறின முட்டையை யார் வாங்குவார்கள்?

பிரியாணிக் கடைகளுக்கு அந்தச் சாக்கு கிடையாது. பக்குவமாக அவித்து, உரித்து, பிறகு தம் போட்ட சோற்றுக்குள் புதைத்துவிடுகிறார்கள். அண்டா மூடியைத் திறந்து கடைசிப் பொட்டலம் கட்டும்வரை முட்டை அந்தச் சூட்டிலேயே கிடக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு வாங்கினால் மஞ்சளைச் சுற்றிக் கரும்பச்சைப் பட்டை. முட்டையைத் தனிப் பாத்திரத்தில் வைத்து, பொட்டலம் கட்டும்போது சோற்றின் மேல் வையுங்கள் ஐயா. சோற்றின் சூடே அதற்குப் போதும்.