மாந்தி எந்தக் கட்டத்தில்?

ராசிக் கட்டத்தில் ஒன்பது கிரகங்களையும் குறித்த பிறகு, ஓரமாக 'மா' என்று ஓர் எழுத்து இருக்கும். பெண் ஜாதகம் பார்க்க வருகிறவர்களின் விரல் முதலில் போய் நிற்பது அங்கேதான். எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு இரண்டு இடங்களில் ஜாதகம் கணித்திருந்தார்கள். ஒன்றில் மாந்தி லக்னத்தில், மற்றொன்றில் இரண்டாம் வீட்டில். பிறந்த நாளும் நேரமும் ஊரும் ஒன்றே. எது சரி என்று சொல்ல அங்கே ஒருவராலும் முடியவில்லை. வந்த வரன் மட்டும் திரும்பிப் போயிற்று. மாந்தியை நம்புகிறவரும் நம்பாதவரும் முதலில் கேட்க வேண்டியது, அந்த எழுத்து அந்தக் கட்டத்துக்கு எப்படி வந்தது என்பதைத்தான்.

மாந்தி வானில் தெரியும் பொருள் அல்ல. மந்தன் என்ற சனியின் மகன் மாந்தி என்பது பெயர்க் காரணம். கணக்கு இவ்வளவுதான்: உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டுச் சம பங்காக்க வேண்டும். முதல் பங்கு அந்தக் கிழமையின் அதிபதிக்கு. அடுத்தடுத்த பங்குகள் கிழமை வரிசையில் மற்றவர்களுக்கு. எட்டாவதற்கு அதிபதி இல்லை. இரவையும் இப்படியே பிரிக்க வேண்டும், ஆனால் முதல் பங்கு அந்தக் கிழமையிலிருந்து எண்ணி ஐந்தாவதாக வரும் கிழமையின் அதிபதிக்கு. சனியின் பங்கு வரும் வேளையில் கிழக்கில் எந்தப் பாகை உதயமாகிறதோ, அதுவே, மாந்தியோடு பலரும் ஒன்றாகக் கொள்ளும் குளிகன் நிற்கும் இடம். நாட்காட்டித் தாளில் வியாழக்கிழமை குளிகை 9 முதல் 10.30 என்று அச்சிடுவதும் இதே கணக்குதான். உதயத்தை 6 மணி என்றும் பகலை 12 மணி நேரம் என்றும் கொண்டால் சனியின் மூன்றாம் பங்கு அங்கே வந்து விழும்.

'சனியின் பங்கு வரும் வேளை' என்பது அதன் தொடக்கமா, முடிவா? பராசரர் வழியில் வருவோர் பெரும்பாலும் தொடக்கத்தைக் கொள்கிறார்கள். முடிவைக் கொள்வோரும் உண்டு. தென்னாட்டில், கேரளத்தில் குறிப்பாக, மாந்திக்குத் தனி நாழிகைக் கணக்கு வழங்குகிறது. முப்பது நாழிகைப் பகலில் ஞாயிறு 26, திங்கள் 22, செவ்வாய் 18, புதன் 14, வியாழன் 10, வெள்ளி 6, சனி 2. ஒரு பங்கு மூன்றே முக்கால் நாழிகை. இங்கே படி நான்கு நாழிகை. இந்தச் சிறு வித்தியாசத்தால் மாந்தி சனியின் பங்குக்குள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஞாயிறன்று பங்கின் முடிவுக்குக் கால் நாழிகை முன்னே நிற்கும். சனிக்கிழமை ஏறத்தாழ நடுவில் நிற்கும். குளிகனும் மாந்தியும் ஒன்றே என்பவர், வேறு என்பவர் இரு தரப்பையும் இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும்.

எல்லோரும் அறிந்த ஒரு ஜாதகத்தில் போட்டுப் பார்ப்போம்: 1947 ஆகஸ்ட் 15, நள்ளிரவு 12 மணி, டெல்லி. ரிஷப லக்னம், சுமார் 8 பாகை. ஆங்கிலத் தேதிப்படி அது வெள்ளிக்கிழமை. பஞ்சாங்கத்தில் நாள் உதயத்தில்தான் மாறும். ஆகவே அது வியாழக்கிழமை இரவு. 14ஆம் தேதி அஸ்தமனம் ஏறத்தாழ மாலை 7.01, மறுநாள் உதயம் 5.50. இரவின் நீளம் 649 நிமிடம், ஒரு பங்கு 81 நிமிடம். வியாழனிலிருந்து ஐந்தாவது திங்கள். எனவே முதல் பங்கு சந்திரனுக்கு, சனிக்கு ஆறாவது. அது 1.47க்குத் தொடங்கி 3.08க்கு முடிகிறது. தொடக்கத்தில் மிதுனம் 5 பாகை உதயமாகிறது, முடிவில் மிதுனம் 23. நாழிகைக் கணக்கில் வியாழன் இரவுக்கு, ஐந்தாவதான திங்களின் 22. அதை 649 நிமிட இரவுக்கு விகிதப்படுத்தினால் 2.57, மிதுனம் ஏறத்தாழ 20. மூன்று முறையிலும் மாந்தி இரண்டாம் வீட்டிலேயே நிற்கிறது.

தவறு நுழையும் இடங்களும் இதே ஜாதகத்தில் தெரிகின்றன. கிழமையை வெள்ளி என்று எடுத்தால் சனிக்கு ஐந்தாம் பங்கு, அது 12.25க்கே தொடங்குகிறது, உதயமாவது ரிஷபம். குளிகன் லக்னத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறான். கிழமையைச் சரியாக எடுத்து, 22 நாழிகையை விகிதப்படுத்தாமல் நாழிகைக்கு 24 நிமிடம் என்று அப்படியே கூட்டினால் 3.49 ஆகும், மாந்தி கடகத்துக்கு, மூன்றாம் வீட்டுக்குப் போய்விடும். இவை கருத்து வேறுபாடுகள் அல்ல, கணக்குப் பிழைகள். எங்கள் உறவுப் பெண் பிறந்தது அதிகாலை 2 மணிக்கு. இரண்டு ஜாதகங்களையும் பிறகு பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றில் கிழமை மாறியிருந்தது.

ராசியோடு நிறுத்திக்கொண்டால் முறை வேறுபாடு பல ஜாதகங்களில் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் பிரச்னமார்க்கம் வழி வந்த கேரள மரபில் மிருத்யு ஸ்புடம் என்று ஒன்று உண்டு: குளிகனின் பாகையை ஏழால் பெருக்கிச் சூரியனின் பாகையைக் கூட்டுவது. மேலே தொடக்கத்துக்கும் நாழிகைக் கணக்குக்கும் இடையே 15 பாகை வேறுபாடு இருந்தது. ஏழால் பெருக்கினால் அது 105 பாகை, மூன்றரை ராசி. எந்த முறையில் குளிகனைக் கண்டோம் என்று சொல்லாமல் இப்படிப்பட்ட ஸ்புடத்திலிருந்து ஆயுளைப் பற்றிப் பேசுவது பொறுப்பற்ற செயல் என்றே நினைக்கிறேன்.

மாந்தியைக் காணும் இந்த முறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மாந்தியின் பாகை பிறந்த நிமிடத்தைப் பொறுத்ததல்ல. ஒரே ஊரில் ஒரே இரவில் பிறந்த எல்லோருக்கும் மாந்தி ஒரே பாகையில்தான். லக்னம் நான்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு பாகை ஓடும்போது இது அசையாது. பிறந்த நேரத்தைச் சரிபார்க்க ஜோதிடர்கள் இதைத் துணைக்கு எடுப்பதற்கும் அந்த நிலைத்த தன்மை உதவுகிறது. உதயத்தையோ அஸ்தமனத்தையோ ஒட்டிப் பிறந்தால் மட்டும் பகல் கணக்கும் இரவுக் கணக்கும் இடம் மாறி மாந்தி ஒரேயடியாகத் தாவிவிடும்.

முறையின் மிகப் பெரிய குறையும் அந்த நிலைத்த தன்மைக்குள்ளேயே இருக்கிறது. உதயமாகும் பாகையைத் தீர்மானிப்பது சூரியன் நிற்கும் இடமும் நேரமும் ஊரும். பங்கைத் தீர்மானிப்பது கிழமை. சனி எந்த ராசியில் இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. 2025 ஆகஸ்ட் 14 இரவும் வியாழக்கிழமை இரவுதான். அன்று டெல்லியில் பிறந்த குழந்தைகளுக்கும் மாந்தி மிதுனத்தில், ஓரிரு பாகை முன்பின்னாக 1947இல் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறது. சனியோ 1947இல் கடகத்தில் இருந்தது, 2025இல் மீனத்தில். சனியின் சாரம், சனியின் விஷம் என்றெல்லாம் மாந்தியைச் சொல்வது கதைக்குப் பொருந்தும். கணக்கின்படி மாந்தி என்பது மாதமும் கிழமையும் சேர்ந்த ஒரு குறியீடு. ஆடி மாத வியாழன் இரவில் பிறந்தவர்களுக்கெல்லாம் அது ஏறத்தாழ ஒரே பக்கத்தில் விழும். இந்தக் குறியீட்டை வைத்து ஒரு பெண்ணின் திருமணத்தைத் தடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நாட்டு வழக்கும் இந்த அச்சத்தை அப்படியே ஏற்கவில்லை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம் வீடுகளில் உள்ள நம்பிக்கை. அந்த நேரத்தில் பிணம் எடுக்கமாட்டார்கள், கடன் வாங்கமாட்டார்கள். ஆனால் நகை வாங்குவார்கள், கடனை அடைப்பார்கள். ஜாதகக் கட்டத்தில் பாவி என்று பெயர் வாங்கிய அதே பங்கு நாட்காட்டியில் நல்லதையும் பெருக்கும் நேரமாக இருக்கிறது.

ஜாதகம் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. 'மா' என்று எழுதும் இடத்துக்குக் கீழே எடுத்துக்கொண்ட கிழமை, பகலா இரவா என்பது, உதய அஸ்தமன நேரம், தொடக்கமா முடிவா நாழிகைக் கணக்கா என்ற முறை ஆகியவற்றையும் எழுதிக் கொடுங்கள். கையில் ஒரு பஞ்சாங்கம் இருந்தால், பெண்ணின் தகப்பனாரே உட்கார்ந்து அதைச் சரிபார்த்துக்கொள்வார்.