பட்டியலும் பொருளும்: ஜாவா அடக்கம் ஒன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

மனித சமூகங்களைக் களத்தில் தங்கி ஆராய்ந்து எழுதும் இனவரைவியல் நூல்களில் 'அடர் விவரணை' என்னும் சொல் இன்று தாராளமாகப் புழங்குகின்றது. அதைக் கையாள்வோரில் பலர் நிறையத் தகவல் தருவதையே அடர்த்தி என்று எண்ணிக்கொள்கின்றனர். வீட்டின் கூரை, முற்றத்தின் அளவு, வந்தவர்களின் எண்ணிக்கை, உடுத்திய ஆடையின் நிறம் என்று பக்கங்கள் நிரம்புகின்றன. இவ்வளவையும் படித்து முடித்த பின்னரும் அங்கே நடந்தது என்ன என்று நமக்கு விளங்குவதில்லை. இக்குழப்பத்தை நீக்க அச்சொல்லின் பிறப்பிடத்திலிருந்து தொடங்குவது நலம்.

ஆங்கில மெய்யியலாளர் கில்பர்ட் ரைல் 1960-களின் பிற்பகுதியில் ஆற்றிய உரைகளில் ஓர் எளிய உதாரணத்தைக் கூறினார். இரு சிறுவர்கள் வலக்கண் இமையைச் சட்டென மூடித் திறக்கின்றனர். ஒருவனுக்கு அது தன்னையறியாத நரம்புத் துடிப்பு. மற்றவனோ நண்பனுக்கு இரகசியச் சைகை காட்டக் கண்சிமிட்டுகின்றான். மூன்றாமவன் ஒருவன் அந்தச் சிமிட்டலைக் கேலி செய்ய அதையே மிகைப்படுத்திச் செய்கின்றான். அந்தக் கேலியைச் சரியாகச் செய்வதற்காக அவனே வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகியும் பார்க்கலாம். படக்கருவிக்கு இந்த நான்கும் ஒன்றே. 'இமை மூடித் திறந்தது' என்று எழுதுவது மெலிந்த விவரணை. அது துடிப்பா, சைகையா, கேலியா, ஒத்திகையா என்பதை அச்செயலுக்குப் பொருள் தரும் வழக்கங்களோடு சேர்த்துச் சொல்வது அடர் விவரணை. அமெரிக்க மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1973-இல் வெளியிட்ட தம் கட்டுரைத் தொகுதியின் முகப்புக் கட்டுரையில் இச்சொல்லை எடுத்தாண்டு இனவரைவியலின் இலக்கணமாக்கினார்.

ஆக, இமை எத்தனை விநாடி மூடியிருந்தது என்று நூறு முறை அளந்தாலும் விவரணை அடர்த்தி பெறாது. அடர்த்தி என்பது தகவலின் அளவைக் குறிக்கவில்லை. செயலின் மீது படிந்துள்ள பொருள் அடுக்குகளையே குறிக்கின்றது.

இதைச் சோதித்துப் பார்க்க கீர்ட்ஸின் முற்காலக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1957-இல் ஓர் ஆய்விதழில் வெளிவந்த அக்கட்டுரையில் 'அடர் விவரணை' என்னும் பெயர் இல்லை. ஆனால் அம்முறை முழுமையாகவே இருக்கின்றது. அவர் 1953-54 காலப்பகுதியில் கிழக்கு ஜாவாவின் பாரே நகரில் தங்கியிருந்தார். தம் எழுத்தில் அந்நகருக்கு 'மொஜோகூடோ' என்று புனைபெயரிட்டார். அங்கே ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் திடீரென இறந்துபோனான். அவன் தன் மாமன் வீட்டில் வளர்ந்து வந்தவன்.

அந்நகரில் மரணம் நேர்ந்தால் நடப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் 'மோதின்' எனப்படும் சமய அலுவலருக்குச் சொல்லி அனுப்புவர். முஅத்தின் என்னும் அரபுச் சொல்லின் மரூஉ அது. அண்டை வீட்டார் அரிசியோடு வருவர். ஆண்கள் மீஸான் பலகை செதுக்குவர், கப்ர் தோண்டுவர். மையித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு, தொழுகை துஆக்களோடு எடுத்துச் சென்று அடக்கி, தல்கீன் ஓதி முடிப்பர். பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் யாவும் நிறைவுறும். மூன்றாம், ஏழாம், நாற்பதாம், நூறாம் நாள்களில் அண்டை வீட்டாரை அழைத்து 'சிலாமத்தான்' என்னும் சிறு விருந்து நடத்துவர்.

அன்று இவ்வொழுங்கு நிலைகுலைந்தது. அங்கிருந்த ஒருவர் கண்டதை மட்டும் குறித்திருந்தால் பட்டியல் இவ்வாறு அமைந்திருக்கும்: மோதின் வந்தார், வாயிலில் ஒரு சுவரொட்டி இருந்தது, மோதின் சடங்கை நடத்த மறுத்தார், ஆண்கள் முற்றத்தில் இரு குழுக்களாக அமர்ந்திருந்தனர், பெண்கள் உரக்க அழுதனர், அடக்கம் தாமதமாயிற்று. இவற்றுள் ஒன்றும் பொய்யில்லை. எனினும் இப்பட்டியலில் சுவரொட்டியும் முற்றத்துப் பாயும் ஒரே எடை கொண்டவை. எது எதற்குக் காரணம், எது தற்செயல் என்று அது சொல்வதில்லை.

கீர்ட்ஸ் அந்தச் சுவரொட்டியைப் பற்றிக்கொள்கின்றார். அது 'பெர்மாய்' என்னும் கட்சியின் சின்னம். மார்க்சிய அரசியலையும் ஜாவாவின் தொன்மையான சமயக் கூறுகளையும் இணைத்துக்கொண்ட அக்கட்சி, இஸ்லாமியச் சடங்குகளை வெளிப்படையாகவே எதிர்த்து வந்தது. இறந்த சிறுவனின் மாமன் அதன் உறுப்பினர். ஆகவே மோதின், இவ்வீட்டார் வேறொரு சமயத்தினர், அதன் அடக்க முறை எனக்குத் தெரியாது, நான் அறிந்தது இஸ்லாம் ஒன்றே என்று கூறி ஒதுங்கிக்கொண்டார். நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. மோதின் கூறியது பணிவான சொல்லாகத் தோன்றினும், எதிர்த்தரப்பு மேடைகளில் பேசியதை அப்படியே ஏற்று அதன் விளைவை அவர்கள் கையிலேயே திருப்பித் தரும் செயல் அது. அரசியல் வாதமாக இருந்தவரை சுமையற்றிருந்த ஒரு நிலைப்பாடு, வீட்டுக்குள் ஒரு குழந்தையின் உடல் கிடக்கும் வேளையில் தாங்கமுடியாத சுமையாயிற்று. மாமன் தம் கட்சிக்கொள்கையைக் கைவிடவும் இயலாமல், ஓதுதலின்றிப் பிள்ளையைப் புதைக்கவும் மனமில்லாமல் தவித்தார்.

முற்றத்தில் ஆண்கள் பிரிந்து அமர்ந்ததும் இவ்வாறே பொருள் பெறுகின்றது. மார்க்க ஒழுக்கத்தைக் கண்டிப்பாகப் பேணுவோரைச் 'சந்த்ரி' என்றும், பழைய வழக்கங்களோடு கலந்து வாழ்வோரை 'அபங்கான்' என்றும் கீர்ட்ஸ் பிரிக்கின்றார். வழக்கமான அடக்கத்தில் இவ்வேறுபாடு மறைந்து, யாவரும் அண்டை வீட்டார் என்ற உறவே மேலெழும். அன்று அண்டை வீட்டார் என்ற உறவைக் கட்சி உறவு வென்றுவிட்டது. கிராமத்தில் பக்கத்து வீட்டுக்காரரே தொழில் துணையாகவும் சடங்குத் துணையாகவும் இருந்த காலத்தில் உருவான வழக்கம், அருகருகே வாழ்ந்தும் வெவ்வேறு கட்சிகளோடும் தொழில்களோடும் பிணைந்துவிட்ட நகர்ப்புறக் குடியிருப்பிலும் மாறாமல் தொடர்ந்தது. சடங்கின் பொருள் ஒரு திசையிலும் வாழ்வின் அமைப்பு வேறு திசையிலும் இழுத்ததே அன்றைய முறிவுக்குக் காரணம் என்பது கீர்ட்ஸின் முடிபு. இறுதியில் சிறுவனின் பெற்றோர் வந்து சேர்ந்து, தந்தை இஸ்லாமிய முறையையே வேண்டியதும் அடக்கம் நடந்தது.

அழுகையைப் பற்றிய பகுதி இன்னும் நுண்ணியது. மரண வீட்டில் அழுவது உலக வழக்கமாயிற்றே, அதில் குறிப்பதற்கு என்ன இருக்கின்றது என்று பட்டியலாளர் கடந்து சென்றிருப்பார். ஆனால் ஜாவா மக்கள் துயரத்தின் முன் 'இக்லாஸ்' நிலையை நாடுகின்றனர். நம்மிடையே இச்சொல் தூய எண்ணத்தைக் குறிக்கும். அவர்களிடத்தில் அது நடந்ததை மனமார விட்டுக்கொடுத்து, உணர்ச்சி அலைமோதாமல் அமைதி பெறுதலைக் குறிக்கின்றது. விரைந்து முடியும் அடக்கமும், நாள் கணக்கில் விரிந்து செல்லும் விருந்துகளும் அந்த அமைதியை நோக்கி மனத்தைப் படிப்படியாக நடத்திச் செல்பவை. அந்த ஒழுங்கு உடைந்ததால் அமைதியும் உடைந்தது. ஆகவே அன்றைய கதறல் துயரத்தின் அளவோடு சடங்கின் தோல்வியையும் காட்டியது. வேறோர் ஊரில் இதே கதறல் இறந்தவருக்குச் செய்யும் மரியாதையாகக் கொள்ளப்படலாம்.

இதுவரை கீர்ட்ஸின் வெற்றியைக் கண்டோம். இம்முறை எங்கே தவறும் என்பதையும் அவரிடமே காணலாம். பொருள் அடுக்குகளைக் கூற வருபவர், அவ்வடுக்குகளை எந்த நூலகத்திலிருந்து எடுக்கின்றார் என்பது பெருங்கேள்வி. 1960-இல் வெளிவந்த ஜாவாச் சமயம் பற்றிய தம் நூலில் கீர்ட்ஸ், சிலாமத்தானை முதன்மையாக ஆவி வழிபாட்டு மரபின்பால் வைத்தார். இஸ்லாமிய வரலாற்றாசிரியர் மார்ஷல் ஹாட்ஜ்சன், அவர் மறைவுக்குப் பின் 1974-இல் வெளிவந்த பெருநூலில் இதைக் கடுமையாக மறுத்தார். சீர்திருத்தவாதிகள் இஸ்லாம் என ஏற்பதை மட்டுமே கீர்ட்ஸும் இஸ்லாம் எனக் கொண்டு, மற்றவற்றை இந்து மரபின் கணக்கில் எழுதிவிட்டார் என்பது அவர் வாதம். ஜோக்ஜகார்த்தாவில் ஆய்வு செய்த மார்க் உட்வர்ட் 1989-இல் வெளியிட்ட நூலில், ஜாவா வழக்கங்கள் பலவற்றுக்கு ஸூஃபித் தத்துவத்திலும் இஸ்லாமிய நூல் மரபிலும் வேர் காட்டினார். 'சிலாமத்தான்' என்னும் பெயரே ஸலாமத் என்னும் அரபு வேரைச் சார்ந்தது என்பதை நாமும் காணலாம்.

அவர்கள் கூற்றை ஏற்றால் ஒரு சங்கடமான முடிவு பிறக்கின்றது. மெலிந்த பட்டியல் தவறாக இருந்தால் திருத்துவது எளிது. வந்தவர் பத்துப் பேரா பன்னிரண்டு பேரா என்று கேட்டுக்கொள்ளலாம். அடர் விவரணையின் தவறோ அழகிய வாக்கியங்களுக்குள் ஒளிந்திருக்கின்றது. அன்றைய மோதலில் ஈடுபட்டோரே சந்த்ரி, அபங்கான் எனப் பிரிந்து நின்றதால் அக்கட்டுரையில் அவ்வகைப்பாடு பொருந்தியது. அதையே ஜாவா முழுமைக்கும் நிலையான பெட்டிகளாக்கியபோது பிழை நேர்ந்தது.

இப்பிழையைக் கண்டறிய வழி உண்டா? இரு வினாக்கள் உதவும் என்பது நம் கருத்து. இப்பொருள் யாருடைய பொருள் என்பது முதல் வினா. மோதினின் மறுப்புக்கு அவர் வாய்மொழியே சான்றாக நிற்கின்றது. 'ஜாவா மக்கள் எண்ணுகின்றனர்' என்று வாக்கியம் தொடங்கினால் அங்கே பேசுபவர் யாரென்று தேட வேண்டியிருக்கின்றது. இதே செயலுக்கு அங்கிருந்த மற்றொருவர் வேறு பொருள் கூறியிருப்பாரா என்பது இரண்டாம் வினா. 1990-களில் கிழக்கு ஜாவாவின் பன்யுவாங்கி பகுதியில் ஆய்வு செய்த ஆண்ட்ரூ பீட்டி இவ்வினாவையே மையமாக்கினார். ஒரே சிலாமத்தானில் வெவ்வேறு நோக்குடையோர் ஒன்றாக அமர்கின்றனர். வீட்டார் சார்பில் கூறப்படும் விளக்கவுரைக்கு யாவரும் ஆம் என்கின்றனர். ஆயினும் அச்சொற்களை ஒவ்வொருவரும் தத்தம் வழியில் பொருள் கொள்கின்றனர் என்று அவர் காட்டினார். அங்கே ஒரே பொருளைத் தேடி எழுதுவது எவ்வளவு செறிவாக இருந்தாலும் தவறான விவரணையே. பொருள் பலவாக இருந்தும் மக்கள் சேர்ந்து உண்பதே விளக்கப்பட வேண்டியதாகின்றது.

ஆகவே பட்டியலை இகழ்ந்து ஒதுக்குவதும் சரியன்று. கீர்ட்ஸ் வாயிற்கதவின் சுவரொட்டியையும் முற்றத்தின் இருக்கைகளையும் பிசகாமல் பதிந்து வைத்ததனால்தான், அவர் முடிபை ஏற்காதவர்களும் அக்கட்டுரையை எடுத்து வேறு விதமாக வாசிக்க முடிகின்றது. கண்டது எது, அதற்குத் தாம் கொண்ட பொருள் எது என்று வாசகர் பிரித்தறிய இடம்விட்டு எழுதப்பட்ட விவரணையே பின்வருவோரின் திருத்தத்திற்கு உட்படும். அந்த இடத்தை மூடிவிட்ட எழுத்து, ஆசிரியரை நம்புவதையன்றி வேறு வழி எதையும் நமக்குத் தருவதில்லை.